உழைப்பு எங்கே போகிறது? மூன்று மாதக் கணக்கு சொன்ன செய்தி

இல்லத்தில் இருந்தபடியே இரண்டு மூன்று கைத்தொழில்களைச் சேர்த்துச் செய்து குடும்பச் செலவுக்குத் தோள் கொடுத்துவரும் சகோதரிகளே!

தங்களிடம் ஒரு கேள்வி. தாங்கள் செய்யும் வேலைகளில் தங்களுக்கு அதிகம் சம்பாதித்துத் தருவது எது? இக்கேள்விக்குப் பெரும்பாலோர் உடனே பதில் சொல்லிவிடுவர். அந்தப் பதில் பெரும்பாலும் தவறாகவே இருக்கும். இதை நான் ஏட்டில் படித்துச் சொல்லவில்லை. முப்பதாண்டு காலம் ஒரு மளிகைக் கடையில் கணக்கெழுதிப் பிழைத்த நான், சென்ற 2025ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் என் சொந்தத் தங்கையின் குறிப்பேட்டைப் புரட்டியபோது கண்ட உண்மை இது.

தூத்துக்குடி மாவட்டத்துக் கடற்கரை ஊர் ஒன்றில் வாழ்கிறாள் என் தங்கை. மச்சான் வளைகுடாவிலிருந்து உடல்நலம் குன்றித் திரும்பி வந்தபின், வீட்டின் சுமையில் பாதியை அவளே தாங்கத் தொடங்கினாள். காலையில் சமோசா போட்டுத் தேநீர்க் கடைக்குக் கொடுப்பாள். ரவிக்கை, சுடிதார், புர்கா தைப்பாள். சேலைக்கு ஃபால் வைத்துக் கொடுப்பாள். திருநெல்வேலிக்குச் சென்று மொத்த விலையில் சேலை வாங்கி வந்து அக்கம்பக்கத்தாருக்குத் தவணையில் விற்பாள். அஸருக்குப் பின் பத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிப் பாடம் சொல்லிக் கொடுப்பாள். இஷாவுக்குப் பின்னரும் தையல் எந்திரத்தின் ஓசை அவ்வீட்டில் ஓயாது.

"காக்கா, இவ்வளவு உழைத்தும் மாதக் கடைசியில் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்திற்குக் கைமாற்று வாங்க வேண்டியிருக்கிறதே, பணம் எங்கேதான் போகிறது?" என்று அவள் கேட்டபோது, பணம் எங்கே போகிறது என்பதைவிட உழைப்பு எங்கே போகிறது என்றுதான் முதலில் பார்க்க வேண்டும் என்றேன். நல்ல வேளையாக, வரவு செலவுகளை அன்றன்றே எழுதி வைக்கும் வழக்கம் அவளுக்கு உண்டு. ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் ஆகிய மூன்று மாதங்களின் ஏட்டை எடுத்துக்கொண்டு அமர்ந்தோம்.

ஏன் மூன்று மாதம்?

ஒரு மாதக் கணக்கை நம்பி முடிவெடுக்க இயலாது. ஒரு திருமண வீட்டாரின் தையல் வேலை ஒரே வாரத்தில் வந்து குவிந்துவிட்டால், அம்மாதம் தையல் பொன்னாகத் தெரியும். அடுத்த மாதம் கை ஓய்ந்திருக்கும். மூன்று மாதம் என்றால் இத்தகைய ஏற்றத்தாழ்வுகள் ஓரளவு சமனாகிவிடும். ஆண்டுக் கணக்கு இன்னும் நல்லதுதான். ஆனால் அதற்குள் எண்ணெய் விலையும் வெங்காய விலையும் மாறி, பழைய எண்களுக்குப் பொருளே இல்லாமல் போய்விடும்.

எந்த மூன்று மாதம் என்பதிலும் கவனம் வேண்டும். ரமளானும் பெருநாளும் அடங்கிய மாதங்களில் தையல்காரரின் வருவாய் இயல்பைவிடப் பன்மடங்கு பெருகும். பகல் நேரத்தில் சமோசாவுக்கு வேலை இருக்காது. நோன்பு திறக்கும் நேரத்திற்கு மட்டும் திடீரெனத் தேவை எழும். அந்த மாதங்களை வைத்து ஆண்டு முழுவதற்கும் திட்டமிட்டால் ஏமாற்றமே மிஞ்சும். சென்ற ஆண்டின் இதே மாதங்களோடு ஒப்பிடுவோம் என்றாலும் சிக்கல் உண்டு. பிறைக் கணக்கில் ரமளான் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள் முன்னே வந்துகொண்டிருப்பதால், ஆங்கில மாதத்தை ஆங்கில மாதத்தோடு பொருத்திப் பார்த்தால் ஓர் ஆண்டில் பெருநாள் உள்ளே இருக்கும், மறு ஆண்டில் வெளியே போயிருக்கும். என் தங்கையின் ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான காலத்தில் பெருநாளும் இல்லை, தீபாவளியும் இல்லை. ஆகவே அது சாதாரண நாட்களின் கணக்கு.

ஏட்டில் இல்லாத ஒன்று

ஏட்டைத் திறந்ததும் அவள் மகிழ்ச்சியோடு சுட்டிக் காட்டியது சமோசாக் கணக்கைத்தான். மூன்று மாதத்தில் அதில் வந்த பணம் 40,320 ரூபாய். தையலில் வந்தது 21,600. "சமோசாதான் காக்கா நம் வீட்டை நடத்துகிறது" என்றாள். அன்றாடம் கையில் காசு தருகிற தொழில் என்பதால் அதன்மீது அவளுக்குத் தனிப் பாசம்.

கடைக்காரர் தந்த பணம் முழுவதும் வருவாய் ஆகாது அல்லவா? மைதா, எண்ணெய், வெங்காயம், எரிவாயு எல்லாம் சேர்ந்து நாளொன்றுக்கு 380 ரூபாய் செலவாகிறது. 72 நாள் சமோசா போட்டிருக்கிறாள். செலவு 27,360 போக, எஞ்சியது 12,960 ரூபாய்தான். தையலில் நூல், ஹூக், லைனிங் துணி, மின்சாரம் எல்லாம் 2,700ஐத் தாண்டவில்லை. அங்கே எஞ்சியது 18,900. முதல் கழித்தலிலேயே வரிசை தலைகீழாகிவிட்டது!

ஆனால் இதோடு நின்றுவிட்டாலும் பாதி உண்மையே தெரியும். இந்தப் பணத்தை ஈட்ட எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பது அவள் ஏட்டில் எங்கும் இல்லை. தங்களில் பெரும்பாலோரின் ஏடுகளிலும் இருக்காது. அதற்காக மூன்று மாதக் கணக்கைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. ஒரு வழி உண்டு. என்ன வேலை எத்தனை முறை செய்தோம் என்பது ஏட்டில் இருக்கிறது. இத்தனை ரவிக்கை, இத்தனை ஃபால், இத்தனை நாள் சமோசா என்று எண்ணிவிடலாம். ஒவ்வொன்றுக்கும் ஆகும் நேரத்தை மட்டும் இப்போது இரண்டு வாரம் கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொண்டு, அதனை அந்த எண்ணிக்கையால் பெருக்கினால் போதும்.

அப்படித்தான் செய்தோம். வேலையைத் தொடங்கும்போது ஒரு முறை, முடிக்கும்போது ஒரு முறை கடிகாரத்தைப் பார்த்து எழுத வேண்டும். இடையில் உலை வைக்க எழுந்தால் அதையும் குறிக்க வேண்டும். முக்கியமாக, வேலையோடு ஒட்டிக்கொண்டு வரும் நேரத்தையும் விடாமல் சேர்க்க வேண்டும். சமோசா என்றால் அடுப்பின் முன் நிற்கும் ஒரு மணி நேரம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். சந்தைக்குப் போய்வருவது, வெங்காயம் அரிவது, மாவு பிசைந்து பட்டி தேய்ப்பது, மடிப்பது, எண்ணெய்ப் பிசுக்கேறிய வாணலியைத் தேய்த்துக் கழுவுவது எல்லாம் சேர்ந்தபோது நாளுக்கு 4 மணி நேரம் வந்தது. அவள் நம்பவில்லை. மறுநாளும் குறித்தாள், அதே 4 மணி நேரம்தான்.

மணிக்கு என்ன கிடைத்தது?

72 நாள், நாளுக்கு 4 மணி என்றால் 288 மணி நேரம். 12,960 ரூபாயை 288ஆல் வகுத்தால் மணிக்கு 45 ரூபாய். தையலுக்கு மொத்தம் 175 மணி நேரம் ஆகியிருந்தது. மணிக்கு 108 ரூபாய்! வீட்டை நடத்துவதாக அவள் கருதிய தொழில், அவளுடைய நேரத்திற்குத் தையல் தருவதில் பாதியைக்கூடத் தரவில்லை.

பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வதில் மணிக்கு 90 ரூபாய் வந்தது. பத்துப் பிள்ளைகளில் இருவரிடம் அவள் கட்டணம் வாங்குவதில்லை. அவர்களையும் கணக்கில் சேர்த்துக் கூட்டிப் பார்க்க நான் முயன்றபோது ஏட்டை மூடிவிட்டாள்! அது என் கணக்குக்கு உட்பட்ட விஷயமன்று என்பதை ஒப்புக்கொண்டு அடுத்த பக்கத்திற்குப் போனேன். ஃபால் வைத்ததில் மணிக்கு 60.

மிகவும் சிக்கலானது சேலை வியாபாரம்தான். இதில் பல சகோதரிகள் ஏமாறுகிறார்கள் என்பதால் சற்று நின்று பார்ப்போம். 18,000 ரூபாய்க்கு வாங்கிய சேலைகளை 24,600க்கு விற்றதாக ஏடு சொன்னது. 6,600 இலாபம் என்று அவள் தனியே வட்டமிட்டும் வைத்திருந்தாள். ஆனால் மூன்று மாதத்தில் கைக்கு வந்து சேர்ந்த பணம் 17,400தான். போட்ட முதலே இன்னும் திரும்பவில்லை! எஞ்சிய 7,200 தவணைப் பாக்கியாக நின்றது. அந்தப் பாக்கி முழுவதும் வருமா? முந்தைய தவணைப் பக்கங்களைப் புரட்டினோம். ஆறு மாதம் கடந்தும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வராமலே கிடந்தது. ஆகவே இந்தப் பாக்கியில் 4,500 வரும் என்று மட்டும் கொண்டோம். பேருந்துச் செலவு 600ஐயும் கழித்தால் உண்மை ஆதாயம் 3,300. கொள்முதலுக்குப் போய்வந்தது, வீடு வீடாய்ச் சென்று தவணை கேட்டது எல்லாம் சேர்த்து 66 மணி நேரம். மணிக்கு 50 ரூபாய் என்று முடிந்தது. அதுவும், பாக்கி வந்து சேர்ந்தால்!

விற்றதை எல்லாம் வரவு என்று எழுதும் பழக்கம் இருக்கும் வரை இந்த ஓட்டை கண்ணுக்குத் தெரியாது. விற்ற தொகைக்கு ஒரு பத்தி, கைக்கு வந்த தொகைக்கு ஒரு பத்தி என்று ஏட்டைப் பிரித்துக்கொண்டால் அன்றே தெரிந்துவிடும்.

உடனே விட்டுவிடலாமா?

கணக்கைப் பார்த்ததும் என் தங்கை, "அப்படியானால் நாளை முதல் சமோசா வேண்டாம், முழு நேரமும் தையலே" என்றாள். இங்கேதான் பலரும் தவறிவிடுகிறார்கள். தையலில் மணிக்கு 108 கிடைத்தது என்பது செய்து முடித்த 175 மணி நேரத்தின் கதை. இன்னும் 288 மணி நேரத்தை அதில் போட்டால் அவ்வளவுக்கும் துணி வருமா? வராவிட்டால் அந்த நேரத்தின் வருவாய் 108 அன்று, சுழி.

இதை அறிய அவளிடமே ஒரு சான்று இருந்தது. அளவுக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில், நேரமில்லை என்று திருப்பி அனுப்பியவர்களின் பெயர்களை எழுதி வைப்பது அவள் பழக்கம். பின்னர் கூப்பிடலாமே என்பதற்காக. மூன்று மாதத்தில் அவ்வாறு திரும்பிப் போன துணிகள் 23. துணிக்கு ஏறத்தாழ 2 மணி நேரம் என்றால் 46 மணி நேர வேலை. மாதத்திற்கு 15, 16 மணி நேரம். அவ்வளவுதான் உறுதியான தேவை. அதற்கு மேற்பட்டதெல்லாம் நம் விருப்பம்.

இந்த எண்ணைப் பார்த்தபின் எதை முதலில் விடுவது என்பது எளிதாயிற்று. சேலை வியாபாரம் மாதத்திற்கு 22 மணி நேரத்தை எடுத்துக்கொண்டிருந்தது. முதலையும் முடக்கி வைத்திருந்தது. தேவை உறுதியாயிருந்த தையல் நேரத்தை நிரப்ப அதுவே போதும். எனவே அக்டோபர் மாதமே புதுக் கொள்முதலை நிறுத்தினாள். பழைய பாக்கியை மட்டும் வசூலித்துக்கொள்வது என்று முடிவாயிற்று. மணிக்கு மிகக் குறைவாகத் தருவது சமோசாவாக இருந்தும் அதனை முதலில் கைவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். 45 ரூபாய் தருவதை விட்டுவிட்டு வெறுங்கையோடு அமர்வதைவிட 45 ரூபாயே மேல்.

ஃபால் வைப்பதை விடலாமா என்றும் பேசினோம். அளவுக் குறிப்பேட்டைப் புரட்டியபோது வேறொன்று தெரிந்தது. ரவிக்கை தைக்க வந்த பெண்களில் 14 பேர் முதலில் வந்தது ஃபால் வைக்கத்தான். சேலையைக் கொடுக்க வந்தவர், சுவரில் தொங்கும் ரவிக்கையைப் பார்த்துவிட்டு மறுமுறை துணியோடு வருகிறார். மணிக்கு 60 ரூபாய் தரும் அந்தச் சிறு வேலைதான் 108 ரூபாய் வேலைக்கு வாசற்படி. அதில் கை வைக்கவில்லை.

நேரத்திற்குள் நேரம்

இரண்டு வாரம் கடிகாரம் பார்த்ததில், நாங்கள் தேடாத ஒரு செய்தியும் கிடைத்தது. அந்நாட்களில் ஐந்து துணிகளைப் பிரித்து மறுபடி தைக்க நேர்ந்தது. அவற்றில் நான்கு, இரவில் இஷாவுக்குப் பின் குழல் விளக்கின் கீழ் தைத்தவை. கருப்புப் புர்காத் துணியில் கருப்பு நூல் தையல் இரவில் கண்ணுக்குப் பிடிபடுவதே இல்லை. பகல் பத்து மணி முதல் லுஹர் வரை, வீட்டில் நல்ல வெளிச்சம் இருக்கும் வேளையில், அவள் சமோசாவுக்கு வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். ஆக, சமோசா எடுத்துக்கொண்டது வெறும் 4 மணி நேரத்தை அன்று. நாளின் மிகச் சிறந்த 4 மணி நேரத்தை. எல்லா மணி நேரமும் ஒரே விலை உடையன அல்ல என்பது என் கணக்கெழுத்து அனுபவத்திலும் நான் எண்ணிப் பாராதது.

ஆனாலும் துணி வேண்டுமே! பக்கத்து நகரில் புர்காக்களை மொத்தமாகத் தைத்து வாங்கும் கடை ஒன்று உண்டு. துணியும் நூலும் அவர்களே தருவர். தைத்தால் ஒன்றுக்கு 120 ரூபாய். முன்பு ஒரு முறை கூலி குறைவு என்று அவள் மறுத்தது. நவம்பரில் பத்துப் புர்காக்களை மட்டும் சோதனைக்காக வாங்கி வரச் சொன்னேன். 16 மணி நேரத்தில் முடித்தாள். 1,200 ரூபாய் வந்தது. மணிக்கு 75. தன் வாடிக்கையாளரிடம் கிடைக்கும் 108 இதில் இல்லைதான். ஆனால் இதனை ஒப்பிட வேண்டியது 108உடன் அன்று. கைவிடப் போகும் 45உடன். அந்த வேறுபாட்டை அவளுக்குப் புரியவைக்க எனக்கு ஒரு மாலைப் பொழுது முழுவதும் ஆயிற்று.

சோதனை தேறியபின்னரே சமோசாவை நிறுத்துவது உறுதியாயிற்று. அன்றாடம் பாலுக்கும் காய்கறிக்கும் ஆகும் காசு நின்றுபோகுமே என்ற அச்சம் நியாயமானது. தையற்கூலி துணியை வாங்கிப் போகும்போதுதான் வரும்; கடையோ மாதம் இருமுறைதான் பணம் தரும். ஆகவே துணி கொடுக்கும்போதே பாதிக் கூலியை முன்பணமாக வாங்கத் தொடங்கினாள். கேட்கக் கூச்சப்பட்டாள். கேட்டபின் இருவரைத் தவிர யாரும் முகம் சுளிக்கவில்லை என்று சொன்னாள். தேநீர்க் கடைக்காரருக்கு ஒரு மாதம் முன்பே சொல்லிவிட்டு, அந்த வேலையை எதிர்வீட்டு லாத்தாவுக்குக் கைமாற்றிக் கொடுத்தாள். அந்த அம்மையாரின் மருமகளும் உடன் நின்று மடித்துக் கொடுப்பதால், அவர்களுக்கு ஒவ்வொருவருக்கும் ஆகும் நேரம் குறைவு. ஒருவருக்குக் கட்டுப்படியாகாத தொழில் இன்னொரு வீட்டில் கட்டுப்படியாகலாம்.

டிசம்பர் மாதக் கணக்கு

முன்பு ஐந்து வேலைகளிலும் சேர்த்து மாதத்திற்குச் சராசரியாக 218 மணி நேரம் உழைத்து 14,870 ரூபாய் ஈட்டிக்கொண்டிருந்தாள். 2025 டிசம்பரில், சமோசாவும் சேலையும் இல்லாமல், 167 மணி நேரத்தில் 15,330 ரூபாய் வந்தது. கூடுதல் வருவாய் என்று பார்த்தால் 460 ரூபாய்தான். பெருமை பேசிக்கொள்ள ஒன்றுமில்லை. ஆனால் 51 மணி நேரம் அவளுக்குத் திரும்பக் கிடைத்திருக்கிறது. இஷாவுக்குப் பின் எந்திரத்தை மூடிவிடுகிறாள். அக்டோபர் மாதத்து வருவாய் இதைவிட அதிகம். ஆயினும் அது தீபாவளித் துணிகளால் வந்தது என்பதால் அதை நான் ஒப்பீட்டில் சேர்க்கவில்லை.

இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. இப்போது அவளுடைய உழைப்பில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவான நேரம், ஏறத்தாழ 40 மணி, அந்த ஒரு கடையை நம்பியிருக்கிறது. அவர்கள் கூலியைக் குறைத்தாலும், துணி தருவதை நிறுத்தினாலும் அந்த நேரம் வெறுமையாகும். அதனால்தான் அதனை 40 மணிக்கு மேல் ஏற்கக் கூடாது என்று எல்லை வகுத்திருக்கிறாள். திரும்பிப் போன அந்த 23 துணிக்காரர்களை ஒவ்வொருவராக அழைத்துக்கொண்டும் இருக்கிறாள்.

ஒரு மாதக் கணக்கை நம்பக் கூடாது என்று மேலே எழுதிவிட்டு, நானே டிசம்பரை மட்டும் காட்டுகிறேனே என்று தாங்கள் கேட்கலாம். நியாயம்தான். அதனால் அடுத்த கணக்கெடுப்பையும் மூன்று மாதத்திற்கே வைத்திருக்கிறோம். ரமளானையும் அதற்கு முந்திய வாரங்களையும் தனிப் பக்கத்தில் எழுதிவருமாறு சொல்லியிருக்கிறேன். ஏட்டில் இப்போது ஐந்து பத்திகள்: நாள், வேலை, கைக்கு வந்தது, செலவு, நேரம். கடைசிப் பத்தியை அவள் மகள் நிரப்புகிறாள். உம்மா எந்திரத்தை விட்டு எழும்போதெல்லாம் கடிகாரத்தைப் பார்ப்பது அந்தச் சிறுமிக்கு விளையாட்டாகிவிட்டது.